நாகையில் ஆழமே இல்லையே, கடாரத்துக்குக் கப்பல் எப்படிப் புறப்பட்டது?

கடுவையாறு எழுதியது:

மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியில் சோழர் கப்பல் ஒன்றை அட்டையில் செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். கப்பல் செய்துவிட்டோம், கொடியும் நட்டுவிட்டோம். அதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பிரச்சினை. "அம்மா, நம்ம நாகையில் பெரிய கப்பல் கரைக்கே வராதே, ராஜேந்திரன் எப்படி ஏறினான்?" என்று கேட்டுவிட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

கடற்கரைக்குப் போய்ப் பார்த்தால் மணலும் அலையும்தான் இருக்கின்றன. கடுவையாற்று முகத்துவாரத்தில் மீன்பிடிப் படகுகளே மணல் தட்டாமல் வரப் பாடுபடுகின்றன. இங்கிருந்து ஒரு படை கடல் தாண்டிப் போனது என்றால் எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்த வழியாகப் போனது? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். அட்டைக்கு வண்ணம் பூசும் முறை வேண்டாம், அதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

---

புலிக்கொடி எழுதியது:

அக்கா, சோழர் கடற்படை அந்தக் காலத்தில் பெரியது.  1025இல் ராஜேந்திரன் இன்றைய மலேசியாவின் கெடாவான கடாரத்தை வென்று தென்கிழக்கு ஆசியா முழுவதையும் ஆண்டான். வங்காள விரிகுடாவைச் சோழர் ஏரி என்றே சொல்வார்கள். கப்பல் காவிரிப்பூம்பட்டினத்தில் நின்றிருக்கும். அங்கே ஆழம் இருந்தது, பிறகு கடல் கொண்டுவிட்டது.

---

அக்கரைப்பேட்டையான் எழுதியது:

தம்பி, கடல் கொண்டது இருக்கட்டும். ஆழம் இல்லாத கரையில் கப்பல் நிற்காது என்று யார் சொன்னது?

எங்கள் அப்பத்தா ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் போய் வந்தவர். நாகப்பட்டினத்தில் ஏறினாராம். அந்தக் கப்பல் கரைக்கு வந்ததே இல்லை. நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் மூட்டைகளும் படகில் போய், அலையில் படகு ஏறி இறங்கும்போது சமயம் பார்த்துத் தாவி ஏற வேண்டும். அப்பத்தா சாகும்வரை அந்தத் தாவலைத்தான் கதையாகச் சொன்னார், பினாங்கைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. இரும்புக் கப்பலுக்கே அந்த நிலை என்றால் பாய்மரக் கப்பலுக்கு என்ன குறை? தூரத்தில் நிறுத்தித் தோணியில் ஏற்றிப் போயிருப்பார்கள். அலை உடைகிற இடத்தைக் கடக்க ஆணி அடித்த படகு உதவாது. பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுதான் அடியைத் தாங்கி வளைந்து கொடுக்கும். அப்படிப்பட்ட சலங்குகளை எங்கள் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

மாதத்தைக் கேட்டீர்கள் அம்மா, அதுதான் முக்கியம். சித்திரை, வைகாசியில் கச்சான் பிடிக்கத் தொடங்கும். தென்மேற்கிலிருந்து வரும் காற்று. இங்கிருந்து கடாரம் கிழக்கே, கொஞ்சம் தெற்கே சாய்ந்த திசையில் இருக்கிறது. அப்படிப் போகிறவனுக்குக் கச்சான் வலது கைப் பின்பக்கத்திலிருந்து விழும். பாய்க்கு அதைவிட நல்ல காற்று கிடையாது. திரும்பி வருவது தை, மாசி. அப்போது வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும். மேற்கே வருகிறவனுக்கு அதுவும் வலது கைப் பின்பக்கம்தான். போகும்போதும் வரும்போதும் ஒரே பக்கத்தில் காற்று வாங்கிப் பாயைத் திருப்பாமலே ஓடலாம். இப்படி ஒரு வழி அமைவது அபூர்வம்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் புறப்படக்கூடாது. கஜா எப்போது வந்தது என்று நாகைக்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை.

---

கடுவையாறு எழுதியது:

நன்றி அண்ணா. மகனிடம் காட்டினேன், கப்பலைக் கரையிலிருந்து தள்ளி நிறுத்தி நடுவில் இரண்டு சின்னத் தோணி வைக்கப் போகிறான். அப்படியானால் வைகாசியில் போனவர்கள் தை மாதம் வரை அங்கேயே இருக்க வேண்டுமா? ஒரு படை முழுவதும் எட்டு மாதம் எங்கே தங்கும், என்ன சாப்பிடும்?

---

பழங்கலம் எழுதியது:

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். படையெடுப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் வாளையும் யானையையும் எண்ணுகிறார்கள், தண்ணீரை எண்ணுவதில்லை. நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், கல்வெட்டு வாசிப்பதில் ஆர்வம் உண்டு. கணக்கும் கொஞ்சம் வரும்.

நாகையிலிருந்து கெடா நேர்கோட்டில் சுமார் 2,300 கிலோமீட்டர். பாய்மரக் கப்பல் நல்ல காற்றில் மணிக்கு 7 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இரவும் பகலும் நிற்காமல் ஓடினால் 14 நாள். காற்று விழுந்தால் 20 நாள், 25 நாள் ஆகும். எனவே 30 நாள் தண்ணீர் இல்லாமல் எந்த மாலுமியும் கிளம்பமாட்டான். ஒரு கப்பலில் 100 பேர், ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்கவும் சமைக்கவும் 4 லிட்டர் என்றால் 12,000 லிட்டர். அதாவது 12 டன். அதே 100 பேருக்கு 30 நாள் அரிசி, ஆளுக்கு முக்கால் கிலோ வீதம், இரண்டேகால் டன்தான். டெல்டாவில் நெல்லுக்குப் பஞ்சமில்லை. கப்பலில் இடத்தை அடைப்பது தண்ணீர். அதுவும் பானையிலும் மரத்தொட்டியிலும் ஒரு மாதம் கிடந்தால் நாறிப்போகும்.

ஆகவே வழியில் எங்கே தண்ணீர் பிடிக்கலாம் என்று தெரிந்திருந்தால்தான் கப்பலில் ஆளும் ஆயுதமும் ஏற்ற முடியும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியைப் படியுங்கள். "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று தொடங்கி ஊர்ப்பட்டியல் ஒன்று வருகிறது. அதன் கடைசி மூன்று பெயர்கள் இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம். இலாமுரி சுமத்ராவின் வடமுனை. மாநக்கவாரம் நிக்கோபார். இரண்டுக்கும் நடுவே உள்ள கடல்வாசல் சுமார் 160 கிலோமீட்டர் அகலம். கிழக்கே போகிற கப்பல் நுழையும் கதவு அது. கதவின் இரு நிலைகளையும் சொல்லிவிட்டு உள்ளே இருக்கும் கடாரத்தைச் சொல்கிறது கல்வெட்டு. இதை எழுதியவனுக்குக் கடல்வழி தெரிந்தவர்கள் யாரோ பக்கத்தில் இருந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரிய நிக்கோபாரில் 642 மீட்டர் உயர மலை இருக்கிறது. தெளிவான நாளில் 90 கிலோமீட்டர் தள்ளியே கண்ணில் படும். அதைத் தவறவிட்டாலும், தெற்கே சாய்ந்துபோனால் சுமத்ராவின் மலை தெரியும். வாசலைக் கோட்டைவிடுவது கடினம். நாகையிலிருந்து அங்கே 1,600 கிலோமீட்டர், அதாவது 9 அல்லது 10 நாள். நிக்கோபாரில் தண்ணீரும் தேங்காயும் பிடித்தால் மீதமுள்ள 750 கிலோமீட்டர் நான்கைந்து நாள். மொத்த வழிக்கும் சேர்த்து ஏற்ற வேண்டிய தண்ணீரில் இப்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது.

---

ஆனைமங்கலத்துக்காரன் எழுதியது:

ஐயா வணக்கம். பல கலம் என்று ஏதோ பேசுகிறீர்களே, எங்கள் ஊர் ஆனைமங்கலம்தான். எங்கள் ஊர் நெல்லைப் பற்றிச் செப்பேட்டில் இருக்கிறது என்று தாத்தா சொல்வார். எத்தனை கலம்? அது இப்போது எத்தனை மூட்டை வரும்? பழைய தீர்வை வகையறாவில் எங்கள் நிலத்துக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, அதற்கு உதவுமா என்று பார்க்கிறேன்.

---

பழங்கலம் எழுதியது:

தம்பி, நான் சொன்ன கலம் மரக்கலம். நீங்கள் கேட்பது நெல் கலம். ஆனாலும் தவறான வாசலில் நுழைந்து சரியான வீட்டுக்கே வந்துவிட்டீர்கள்.

ஆனைமங்கலச் செப்பேடு ராஜராஜனின் 21ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 1006 வாக்கில் கொடுத்த கொடையைச் சொல்கிறது. சுமத்ராவையும் கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரில் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எடுத்தான். அதன் செலவுக்கு உங்கள் ஊரின் வருவாயை ராஜராஜன் விட்டுக்கொடுத்தான். 97 வேலி நிலம், அதற்குரிய நெல் வரியான காணிக்கடன் 8,943 கலமும் சில்லறையும். எல்லையைப் பெண்யானையைச் சுற்றி நடத்திக் குறித்தார்கள். ராஜராஜன் வாய்மொழியாகக் கொடுத்ததை ராஜேந்திரன் செப்பேட்டில் வெட்டுவித்து நிலைப்படுத்தினான். அந்த ஏடுகள் பிறகு ஹாலந்தின் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றும் பெயர். உங்கள் தீர்வைச் சிக்கலுக்கு இது உதவாது, தாசில்தாரிடம் காட்டினால் சிரிப்பார்.

இங்கே கவனிக்க வேண்டியது வேறு. நாகையில் விகாரம் எடுத்தவன் யார்? கடாரத்தரசன். அதற்கு நெல் கொடுத்தவன் யார்? சோழன். காயாரோகணசுவாமி கோயிலிலும் ஸ்ரீவிஜய அரசரின் முகவர்கள் வைத்த கொடைகளைச் சொல்லும் கல்வெட்டுகள் ராஜேந்திரனின் தொடக்க ஆண்டுகளில் இருக்கின்றன. அப்படியென்றால் அந்த நாட்டின் ஆட்கள் நாகையில் வீடு வாசலோடு இருந்தார்கள். அவர்கள் கப்பல் வந்தது, காற்றுக்குக் காத்திருந்தது, போனது. விகாரமும் கோயில் விளக்கும் பக்திக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. எட்டு மாதம் காற்றுக்காகத் தங்குகிற வெளிநாட்டு வணிகனுக்குத் தன் தெய்வம் உள்ள இடம் வேண்டும், சரக்கு வைக்க நம்பகமான ஆள் வேண்டும். நம் ஊர்க்காரனுக்கு அங்கே அதே தேவை. கடுவையாறு அம்மா கேட்ட "எங்கே தங்குவார்கள்" என்பதற்கு முதல் பதில் இதுதான்: ஏற்கெனவே தங்கிப் பழகியவர்கள் இருக்கும் ஊர்களில்.

---

சீர்காழி மருமகள் எழுதியது:

என் கணவர் மலேசியாவின் கெடாவில் உள்ள சுங்கை பட்டாணியில் வேலை பார்க்கிறார். போன ஆண்டு போயிருந்தபோது பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனார். மெர்போக்கில் அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய கோயில்களின் அடித்தளக் கற்களை எடுத்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான் பெரிய கோட்டை இருக்கும் என்று நினைத்துப் போனேன், ஏமாற்றம்தான். மழை மட்டும் நம் ஊர் மாதிரி இல்லை, நினைத்தபோதெல்லாம் கொட்டியது. பின்னால் ஒரு பெரிய மலை, ஜெராய் என்கிறார்கள். அதற்கும் இந்தப் பேச்சுக்கும் சம்பந்தம் உண்டா?

---

அக்கரைப்பேட்டையான் எழுதியது:

சம்பந்தம் உண்டு அம்மா. அந்த மலைதான் கடாரம். நான் அங்கே மீன் பிடித்ததில்லை, ஆனால் கடல் வரைபடத்தில் பார்த்தேன், 1,217 மீட்டர். தட்டையான கரையில் தனியாக நிற்கிறது. சுமார் 120 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே தெரியும். நாங்கள் வேளாங்கண்ணி கோபுரத்தை வைத்துக் கரை பிடித்தவர்கள். எங்களுக்கு இப்படி ஒரு மலை கிடைத்தால் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்போம்.

இரண்டு மலை கண்ணில் பட்டால் போதும் என்கிறார் ஐயா. சரிதான். ஆனால் நடுவில் பத்து நாள் ஒன்றுமே தெரியாதே, அங்கே நீரோட்டம் இழுக்குமே? கச்சான் காலத்தில் நீரோட்டமும் கிழக்கே போகும், வாடைக் காலத்தில் மேற்கே திரும்பும். இதுவும் காற்றோடு சேர்ந்து நமக்கே சாதகம். ஆனால் கச்சான் முற்றிய ஆனி, ஆடியில் நடுக்கடல் கொந்தளிப்பாக இருக்கும். ஆட்களை அடைத்துக்கொண்டு போகிறவன் அதற்கு முன்னால் கடந்துவிடப் பார்ப்பான். வைகாசியிலும் சில வருடம் புயல் வரும். ஆகவே தேதி குறிப்பது சோதிடம் மாதிரிதான்.

---

புலிக்கொடி எழுதியது:

நீங்கள் எல்லோரும் சேர்ந்து ராஜேந்திரனை ஏதோ வணிகனின் கப்பலில் டிக்கெட் எடுத்துப் போனவன் மாதிரி ஆக்கிவிட்டீர்கள். காந்தளூர்ச் சாலையில் கலமறுத்தது ராஜராஜன் இல்லையா? சேரனின் கப்பற்படையை அழித்தார்கள் என்றால் சோழரிடம் அதைவிடப் பெரிய படை இருந்திருக்க வேண்டும். பழந்தீவு பன்னீராயிரம் வென்றார்கள், ஈழத்தை வென்றார்கள். இதெல்லாம் வாடகைக் கப்பலில் நடக்குமா?

---

ஐயப்பாடு எழுதியது:

கலமறுத்தது என்றால் கப்பலை அழித்தது என்பது ஒரு தரப்பு. சாலையில் உணவளிக்கும் கலங்களின் எண்ணிக்கையை வரையறுத்தது என்றும் சிலர் பொருள் சொல்கிறார்கள். ஒரு சொல்லை வைத்து ஒரு கடற்படையையே கட்ட வேண்டாம் தம்பி.

என் சந்தேகம் எதிர்த் திசையில். அரசனிடம் கப்பல் இல்லை, வணிகர் கப்பல்தான் போனது என்று சொல்லவும் சான்று எங்கே? ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழுவின் பெயரைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடுமா? வணிகர்கள் தங்கள் சரக்கை விட்டுவிட்டு, தங்களோடு வணிகம் செய்கிறவனை அடிக்கப் படையை ஏற்றிக்கொண்டு போவார்களா?

---

பழங்கலம் எழுதியது:

இருவருமே என்னைக் குத்துகிறீர்கள், நல்லது.

புலிக்கொடித் தம்பி, ஈழத்தையும் மாலத்தீவையும் சொன்னது சரி. கடல் தாண்டிப் படை கொண்டுபோகும் பழக்கம் சோழருக்கு 1025க்கு முன்பே இருந்தது. ஈழத்தின் மாதோட்டத்தில் ராஜராஜேசுவரம் என்று கோயில் எழுப்பினார்கள், கிழக்கே திருகோணமலைப் பக்கமும் அவர்கள் கை இருந்தது. திருகோணமலை இயற்கையான ஆழத் துறைமுகம். நாகையில் தோணியில் ஏற்றிய படையை அங்கே கொண்டுபோய் ஒன்றுதிரட்டியிருக்கலாம் என்பது என் ஊகம். அதனால் தூரம் அதிகம் மிச்சமாகாது, 200 கிலோமீட்டர்தான். ஆனால் பல கப்பல்கள் ஒன்றுக்கொன்று காத்திருக்க அலையில்லாத இடம் வேண்டும், நாகையில் அது இல்லை. மற்றபடி, தென்கிழக்கு ஆசியா முழுவதையும் ஆண்டார்கள் என்பதற்கு ஒரு கல்வெட்டும் இல்லை. நாடு பிடித்திருந்தால் ஈழத்தில் செய்ததுபோல ஊர்ப்பெயர் மாற்றி, அதிகாரி வைத்து, நிலம் அளந்திருப்பார்கள். ஈழத்துப் பொலன்னறுவை ஜனநாதமங்கலம் ஆனது. கடாரத்துக்கு அப்படி ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. மெய்க்கீர்த்தி சொல்வது அரசனைப் பிடித்ததும், யானைகளையும் பெருநிதியையும் விச்சாதிரத் தோரணம் என்னும் அலங்கார வாயிலையும் எடுத்ததும்தான். 1068 வாக்கில் வீரராஜேந்திரன் மறுபடி கடாரத்தை வென்று, அடிபணிந்த அரசனுக்கே திருப்பிக் கொடுத்தான் என்று கல்வெட்டு சொல்கிறது. ஆளப் போனவன் திருப்பிக் கொடுக்கமாட்டான்.

ஐயப்பாடு அவர்களே, வணிகர் கப்பல்தான் போனது என்று நான் சாதிக்கவில்லை. கப்பல் யாருடையது என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. நான் சொல்வது வழி யாருடையது என்பது. அதற்கு ஒரு சான்று உண்டு, அது நம் டெல்டாவிலிருந்தே போகிறது.

தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபா என்னும் இடத்தில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. நங்கூருடையான் ஒருவன் தோண்டிய குளத்தைப் பற்றியது. குளத்தின் பெயர் அவனிநாரணம், பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் விருதுப்பெயர். அதை மணிக்கிராமத்தாருக்கும் சேனாமுகத்தாருக்கும் அடைக்கலமாக விடுகிறார்கள். மணிக்கிராமம் வணிகர் குழு. சேனாமுகம் படை சார்ந்த குடியிருப்பு. நங்கூர் சீர்காழிப் பக்கத்துத் திருநாங்கூர் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

படையெடுப்புக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்னால், எதிர்க்கரையில் காவிரிக்காரன் ஒருவன் குளம் வெட்டியிருக்கிறான். கடல் ஓரத்தில் நல்ல தண்ணீர். அதைக் காக்க வணிகரும் ஆயுதம் பிடித்தவரும் பக்கத்திலேயே. மெய்க்கீர்த்திப் பட்டியலில் வரும் தலைத்தக்கோலம் இந்தப் பகுதிதான் என்பார்கள். நான் முதலில் போட்ட 12 டன் கணக்கை இப்போது திரும்பிப் பாருங்கள். அந்தக் குளமும் அதைப்போன்ற ஊர்களும் இல்லாவிட்டால் கப்பலில் பாதி தண்ணீருக்கே போயிருக்கும்.

---

சீர்காழி மருமகள் எழுதியது:

திருநாங்கூரா! கருட சேவைக்கு வருடா வருடம் போகிறேன், யாரும் இதைச் சொன்னதில்லை. அந்தக் குளம் இன்னும் இருக்கிறதா ஐயா?

---

ஐயப்பாடு எழுதியது:

குளம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏன் போர்? 1006இல் விகாரத்துக்கு நெல் கொடுத்துவிட்டு 1025இல் அதே நாட்டின் அரசனைப் பிடிக்க வேண்டிய அளவுக்கு இடையில் என்ன நடந்தது? 19 ஆண்டு இடைவெளி. நட்பு முறிந்ததற்குக் காரணம் சொல்லாமல் குளத்தைக் காட்டி நழுவக்கூடாது.

---

பழங்கலம் எழுதியது:

நழுவவில்லை. காரணத்தைக் கல்வெட்டு சொல்லவில்லை, சீனக் குறிப்புகளைக் கொண்டு அனுமானிக்கலாம்.

1015இல் ராஜராஜனின் தூதர்கள் சீனம் சேர்ந்தார்கள், முத்து காணிக்கை கொண்டுபோனார்கள். அந்தப் பயணம் 1,150 நாள் எடுத்ததாகச் சீன வரலாறு எழுதுகிறது. மூன்றாண்டுக்கும் மேல்! கப்பல் அவ்வளவு நாள் ஓடவில்லை. காற்று மாறும்வரை ஒவ்வொரு துறையிலும் காத்திருந்ததும் அதில் அடக்கம். சீனம் போகிற கப்பல் வங்கக்கடலை ஒரு காற்றிலும் தென்சீனக் கடலை வேறொரு பருவத்திலும் கடக்க வேண்டும். நடுவே மலாக்கா நீரிணையில் தங்கியே ஆக வேண்டும். அந்த நடுப்பகுதி ஸ்ரீவிஜயத்தின் கையில் இருந்தது. ஒரு சந்தையின் இரு முனையும் யாருடையதாக இருந்தாலும், வழியில் சத்திரம் வைத்திருப்பவன் சொல்வதுதான் விலை.

1225இல் சாவ் ஜூகுவா என்னும் சீன அதிகாரி எழுதியிருக்கிறார்: அந்த நாட்டுத் துறைக்குள் வராமல் கடந்துபோகும் வணிகக் கப்பலை அவர்கள் கப்பல்கள் போய்த் தாக்கும் என்று. அது 200 ஆண்டு பிந்திய குறிப்பு, ஆகவே 1025க்கு அப்படியே பொருத்தமாட்டேன். ஆனால் சோழர் ஸ்ரீவிஜயத்துக்குக் கீழ்ப்பட்டவர் என்ற எண்ணம் சீன அரசவையில் நீண்ட காலம் இருந்தது. 1106இல் பர்மாவின் பகான் தூதரை எந்தத் தகுதியில் வரவேற்பது என்று பேசும்போதுகூட, சோழர் ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கியவர் என்று அங்கே ஓர் அமைச்சகம் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. கடாரம் கொண்ட 80 ஆண்டுக்குப் பிறகு! இப்படி ஒரு செய்தியைச் சீனத்தில் யார் பரப்பியிருப்பார்கள் என்று நீங்களே யோசியுங்கள். பட்டியலில் வரும் ஊர்கள் பெரும்பாலும் அந்த நீரிணையின் இருகரைத் துறைகளாக இருப்பதும் தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன்.

சீர்காழி அம்மாவுக்கு: குளத்தின் இன்றைய நிலை எனக்குத் தெரியாது, போகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

---

புலிக்கொடி எழுதியது:

சரி ஐயா, ஆளவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவ்வளவு பெரிய படையெடுப்பால் என்ன லாபம்? யானையும் தோரணமும்தானா?

---

பழங்கலம் எழுதியது:

லாபம் அரசனின் கணக்கில் தேடினால் கிடைக்காது, வணிகனின் கணக்கில் தேட வேண்டும். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்னும் ஊர், கற்பூரத்துக்குப் பேர்போனது. அங்கே 1088இல் ஐந்நூற்றுவர் ஒரு தமிழ்க் கல்வெட்டு வெட்டினார்கள். வரும் மரக்கலத்தின் தலைவனும் உடன் வருபவர்களும் கஸ்தூரி விலையை அளவாகக் கொண்டு பொன்னில் கட்டணம் கொடுத்த பிறகே விரித்த பாவாடை என்னும் துணி மேல் ஏறலாம் என்று அதில் வருகிறது. அந்நிய மண்ணில் நம் வணிகர்கள் தங்களுக்குள் விதி எழுதிக்கொள்கிறார்கள். 1077இல் குலோத்துங்கன் காலத்துத் தூதுக்குழு 72 பேர் சீனம் போய், கொண்டுபோன காணிக்கைக்குப் பதிலாக 81,800 சரம் செப்புக்காசு வாங்கி வந்தது. தூது என்ற பெயரில் நடந்த வியாபாரம் அது. குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்தான் என்று பெயர் வாங்கியதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அதே குலோத்துங்கன் 1090இல் நாகை விகாரத்துக்குப் பழைய சலுகைகளை உறுதிசெய்து இன்னொரு செப்பேடு கொடுத்தான், கடாரத்தரசனின் தூதர்கள் வந்து கேட்டதன்பேரில். இரண்டு முறை அடித்த பிறகும் விகாரம் நாகையில் நின்றது, ஆனைமங்கலத்து நெல் போய்க்கொண்டே இருந்தது.

---

ஆனைமங்கலத்துக்காரன் எழுதியது:

அப்படியானால் எங்கள் ஊர் நெல்லைத் தின்றவர்கள் எதிரி நாட்டார்! தாத்தா இதைச் சொல்லவில்லை. ஐயா, 8,943 கலத்தை மூட்டையில் சொல்லவில்லையே. கலத்துக்கு 12 மரக்கால் என்று தெரியும், சோழர் மரக்காலும் எங்கள் வீட்டு மரக்காலும் ஒன்றா?

---

அக்கரைப்பேட்டையான் எழுதியது:

மரக்காலை விடுங்கள் அண்ணா, எனக்கு ஒன்று உறுத்துகிறது. ஸ்ரீவிஜயத்தின் தலைநகர் பாலெம்பாங், ஆற்றுக்குள் 80 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது என்று வரைபடம் காட்டுகிறது. கடலில் வந்தவன் ஆற்றில் ஏற ஏற்றவற்றம் தெரிந்த உள்ளூர் ஆள் இல்லாமல் முடியாது. இங்கே கடுவையாற்றில் ஒரு பர்லாங் உள்ளே வரவே மணல்மேடு எங்கே என்று தெரிய வேண்டும். அந்த ஆற்றுக்குள் வழிகாட்டியது யார்? கல்வெட்டு கடாரத்தரசனைப் பிடித்ததை முதலில் சொல்லி, ஸ்ரீவிஜயத்தைப் பட்டியலின் தலையில் வைத்து, கடாரத்தைக் கடைசியில் வைக்கிறதே, போன வரிசை அதுதானா?

---

பழங்கலம் எழுதியது:

வரிசையில் நடந்ததா, செய்யுளுக்காக அடுக்கியதா என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. நேரே தலைநகரை முதலில் அடித்துவிட்டு வடக்கே திரும்பினார்கள் என்பவர்கள் உண்டு. எனக்கு அது கடினமாகத் தோன்றுகிறது, தண்ணீர்க் கணக்கு இடிக்கிறது. வழிகாட்டி விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். நாகையில் அந்த நாட்டு மாலுமிகள் வருடம் முழுவதும் இருந்தார்கள், நம் ஆட்கள் அங்கே இருந்தார்கள். பொன் கொடுத்தால் வழி சொல்ல ஆள் கிடைக்காமலா போகும்?

---

ஐயப்பாடு எழுதியது:

இதுவும் ஊகம்தான் ஐயா.

---

பழங்கலம் எழுதியது:

ஊகம்தான். மறுக்கவில்லை.

---

கடுவையாறு எழுதியது:

நன்றி, எல்லோருக்கும். மகன் அட்டையை மறுபடி வெட்டுகிறான். கப்பல் கரையிலிருந்து தள்ளி நிற்கிறது, இரண்டு தோணிகள், கப்பலில் பன்னிரண்டு பானைகள். வாளேந்திய வீரர்களை எங்கே என்று கேட்டேன். "பானைக்கு இடம் போக மீதி இருந்தால் வைப்பேன்" என்கிறான். வலப்பக்கப் பின்புறம் காற்று விழுமாறு பாயை எப்படிக் கட்டுவது என்று அக்கரைப்பேட்டை அண்ணன் சொன்னால் நல்லது, நாளை மறுநாள் கொடுக்க வேண்டும்.

---

அக்கரைப்பேட்டையான் எழுதியது:

பாயின் முன்முனை கப்பலின் வலப்பக்கம் முன்னால், பின்முனை இடப்பக்கம் பின்னால் வருமாறு கொஞ்சம் சாய்த்துக் கட்டுங்கள் அம்மா. பாயின் தொப்பை இடப்பக்கம் முன்னோக்கிப் புடைத்திருக்க வேண்டும். கொடியும் அதே பக்கம் முன்னோக்கிப் பறக்க வேண்டும். பின்னால் பறக்கவிட்டுவிடாதீர்கள், எல்லாப் படத்திலும் அந்தத் தப்பு இருக்கிறது.